இரவில் பத்து யூனிட்

"கிளார்ஜின் 10 யூனிட் இரவு, 3 நாளுக்கொரு முறை 2 கூட்டவும்." மருத்துவக் குறிப்பு இவ்வளவுதான். நோயாளியிடம் இப்படிச் சொல்லலாம்:

தினமும் இரவு ஒரே நேரத்தில், தொப்புளை விட்டு இரண்டு விரல் தள்ளி வயிற்றில் போடுங்கள். பேனா ஊசி மிக மெல்லியது, வலி அதிகம் தெரியாது. பொத்தானை அழுத்தி, பத்து எண்ணிய பிறகு எடுங்கள்.

காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் குறித்து வையுங்கள். மூன்று நாளும் 160, 155, 158 என்றால் 12 யூனிட். மருத்துவர் சொன்ன இலக்கு, உதாரணமாக 130, வந்ததும் அதே அளவில் நில்லுங்கள். அளவு கூடுவதால் நோய் முற்றிவிட்டதென்று பயப்படாதீர்கள். உங்கள் உடலுக்குப் பொருந்தும் அளவைத்தான் தேடுகிறோம்.

கை நடுங்கி வியர்த்து, சர்க்கரை 70க்குக் கீழே போனால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்.