'காதல்' என்று எழுதினால் 'கண்ணீர்' என்று படிக்கிறாங்க! பஞ்சாபி நாட்டுப்புறப் பாடல்களை எழுத்து மாற்றுவதில் என்ன சிக்கல்?

அமிர்தசரஸிலும் லாகூரிலும் பேசுவது ஒரே பஞ்சாபி மொழிதான். கல்யாண வீட்டில் பாடும் பாட்டுகள்கூட பல இடங்களில் ஒன்றுதான். ஆனால் இந்தப் பக்கம் அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தை அந்தப் பக்கம் கொடுத்தால் பெரும்பாலானவர்களால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. காரணம், எழுத்து வேறு.

அதனால்தான் பாடல்களை ஓர் எழுத்திலிருந்து இன்னோர் எழுத்துக்கு மாற்றும் வேலை நடக்கிறது. மொழிபெயர்ப்பே இல்லையே, எழுத்தை மட்டும் மாற்றினால் போதுமே என்று தோன்றும். ஆனால் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு மொழிக்கு ஏன் இரண்டு எழுத்து?

இந்தியப் பஞ்சாபில் பயன்படுவது குர்முகி. 16-ம் நூற்றாண்டில் சீக்கிய குரு அங்கத் இதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார். தமிழ் போலவே இடமிருந்து வலமாக எழுதுவது, உயிர்க்குறிகளும் உண்டு.

பாகிஸ்தான் பஞ்சாபில் பயன்படுவது ஷாமுகி. உருது போலவே பாரசீக-அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதுவாங்க. அங்கே பள்ளிப் பாடம் பெரும்பாலும் உருதுவில் என்பதால், மக்களின் கண் பழகியதும் இந்த எழுத்துக்குத்தான்.

1947 பிரிவினைக்கு முன்பு லாகூரில் இரண்டு எழுத்துமே புழக்கத்தில் இருந்தன. பிரிவினையில் மக்கள் இடம் மாறியபோது, அந்தந்த எழுத்தைப் படிப்பவர்களும் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டார்கள். பாட்டு மட்டும் பிரியவில்லை. இந்தியாவில் பஞ்சாபி நாட்டுப்புறப் பாடல்களின் குரலாகக் கொண்டாடப்பட்ட சுரிந்தர் கவுர் பிறந்ததே லாகூரில்தான்.

குர்முகியிலிருந்து ஷாமுகிக்கு: ஒரே ஒலி, பல எழுத்து

குர்முகியில் 'ஸ' ஒலிக்கு ஓர் எழுத்துதான். ஷாமுகியில் மூன்று: சீன், ஸ்வாத், ஸே. பஞ்சாபி வாய்க்கு மூன்றும் ஒரே ஒலிதான். ஆனால் அரபியிலிருந்து வந்த சொல் அரபியில் எப்படி எழுதப்பட்டதோ, அப்படியேதான் ஷாமுகியிலும் எழுதணும்.

உதாரணத்துக்கு 'இஷ்க்' என்ற சொல். காதல் என்று பொருள். பஞ்சாபி பாட்டில் இது வராத இடமே குறைவு. ஷாமுகியில் இதன் சரியான எழுத்துகள்: ஐன், ஷீன், காஃப் (தொண்டையின் அடியிலிருந்து வரும் 'க').

குர்முகியில் 'ஐன்' கிடையாது, தொண்டைக் 'க'வுக்குத் தனி எழுத்தும் வழக்கத்தில் இல்லை. அதனால் அதை 'இ', 'ஷ', 'க' என்று சாதாரண எழுத்துகளில் எழுதிவிடுவாங்க. படிப்பவருக்கு எந்தக் குழப்பமும் வராது.

இதை அப்படியே எழுத்துக்கு எழுத்து ஷாமுகிக்கு மாற்றினால் என்ன ஆகும்? அலிஃப், ஷீன், சாதாரண காஃப் என்று வரும். ஆனால் அந்த மூன்று எழுத்தும் சேர்ந்தால் அங்கே ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: 'அஷ்க்'. அதற்குப் பொருள் கண்ணீர்!

பாட்டில் காதலைப் பற்றிப் பாடின இடத்தில், லாகூர் வாசகர் கண்ணீரைப் படிப்பார். பிழை என்றுகூடத் தெரியாது. ஏன்னா, சோகப் பாட்டில் கண்ணீரும் பொருந்திவிடும்.

இன்னொரு சிக்கல் புள்ளி. 'கத்' (கடிதம்) என்ற சொல்லின் முதல் எழுத்துக்கு அடியில் குர்முகியில் ஒரு புள்ளி வைக்கணும். அச்சில் பல நேரம் அதை விட்டுவிடுவாங்க. புள்ளி போனால், மாற்றும்போது ஷாமுகியில் 'கே' என்ற எழுத்துக்குப் பதிலாக வேறு எழுத்து வந்து உட்காரும். அதோடு, அந்தச் சொல்லின் கடைசி 'த' ஷாமுகியில் 'தே' இல்லை, 'தோயே' என்ற எழுத்து. ஒலியை மட்டும் கேட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. அகராதி வேண்டும்.

ஷாமுகியிலிருந்து குர்முகிக்கு: காணாமல் போகும் உயிர்

எதிர்ப்பக்கம் வரும்போது சிக்கல் வேறு. ஷாமுகியில் அ, இ, உ போன்ற குறில்களுக்கு ஜபர், ஜேர், பேஷ் என்ற குறிகள் இருந்தாலும், வழக்கமாக யாரும் போடுவதில்லை. மெய்யெழுத்து இரட்டிப்பதைக் காட்டும் குறியையும் விட்டுவிடுவாங்க.

'காஃப்' (கங்கையில் வரும் 'க'), 'லாம்' (ல) என்ற இரண்டு எழுத்தை மட்டும் எழுதினால் அது என்ன சொல்? நான்கு பதில் உண்டு. 'கல்' என்றால் கழுத்து. 'கல்ல்' என்று அழுத்தினால் பேச்சு, விஷயம். 'குல்' என்றால் பூ. 'கில்' என்றால் ஒரு குடும்பப் பெயர். குர்முகியில் நான்கும் நான்கு விதமாக எழுதப்படும்.

பாட்டில் மாலை என்ற சொல் பக்கத்தில் வந்தால் கழுத்தாக இருக்கலாம். 'கேள்', 'சொல்' என்று வந்தால் பேச்சாக இருக்கலாம். ஆனால் நாட்டுப்புறப் பாட்டின் அடிகள் ரொம்பச் சின்னவை. துப்பு கிடைக்காத இடம் நிறைய.

அங்கே கைகொடுப்பது தாளம். 'கல்ல்' என்பதில் ல் இரட்டிப்பதால் சொல் கொஞ்சம் நீளும். 'கல்' சட்டென்று முடியும். மெட்டோடு பாடிப் பார்த்தால், தப்பான சொல் இருக்கும் இடத்தில் தாளம் ஒன்று இடிக்கும், இல்லைன்னா காலியாகத் தொங்கும்.

தமிழருக்குப் புரியும் 'ண' சிக்கல்

இந்தியில் 'பானி' என்கிற தண்ணீர், பஞ்சாபியில் 'பாணி'. நம் 'ண'தான். குர்முகியில் 'ண'வுக்குத் தனி எழுத்து உண்டு. ஷாமுகியில் பெரும்பாலும் சாதாரண 'நூன்' எழுத்தையே போடுவாங்க. அதற்கு மேல் சின்னக் குறி வைத்த தனி எழுத்து ஒன்று இருக்கிறது, ஆனால் எல்லோரும் பயன்படுத்துவதில்லை.

விளைவு? 'மன்' (மனம்), 'மண்' (மணங்கு என்ற பழைய எடை அளவு) இரண்டுக்கும் ஷாமுகியில் ஒரே எழுத்து. குர்முகிக்கு மாற்றுபவர்தான் எது மனம், எது மணங்கு என்று முடிவு செய்யணும்.

மென்பொருள் இருக்கிறதே?

இருக்கிறது. பாட்டியாலாவில் உள்ள பஞ்சாபி பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இரண்டு திசையிலும் மாற்றும் மென்பொருள் உருவாக்கியிருக்கிறார்கள். இது எழுத்துக்கு எழுத்து மாற்றுவதோடு நிற்பதில்லை. முதலில் அகராதியில் தேடும், பிறகு பக்கத்துச் சொல்லைப் பார்த்து எது பொருந்தும் என்று கணிக்கும்.

செய்தி, கட்டுரைக்கு இது நன்றாக உதவும். நாட்டுப்புறப் பாட்டில்தான் தடுமாறும். வட்டார உச்சரிப்பு, பாடுவதற்காக இழுத்த சொல், இப்போது வழக்கில் இல்லாத நகை, துணிப் பெயர்கள் எல்லாம் அகராதியில் இருக்காது.

அப்போ சரியாக மாற்றுவது எப்படி?

முதலில் ஒலிப்பதிவைக் கேட்கணும். அச்சு மறைத்த குறில்களும் இரட்டிப்பும் பாடுபவர் குரலில் அப்படியே இருக்கும்.

அடுத்து, அரபி, பாரசீகச் சொற்களை மட்டும் தனியாக எடுத்து அகராதியில் சரிபார்க்கணும். மற்ற பஞ்சாபிச் சொற்கள் பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து மாறிவிடும்.

ஷாமுகியில் எழுதும்போது எல்லாச் சொல்லுக்கும் குறி போட்டால் படிக்கக் கண் கூசும். குழப்பம் வரும் சொல்லுக்கு மட்டும் போட்டால் போதும்.

கடைசியாக ஒரு சோதனை. அந்தப் பாட்டைக் கேட்டே இராத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லணும். பாட்டு தெரிந்தவர், தப்பாக எழுதியிருந்தாலும் நினைவிலிருந்து சரியாகப் பாடிவிடுவார். தெரியாதவர் எந்தச் சொல்லில் நிற்கிறாரோ, அந்தச் சொல்லில்தான் திருத்தம் பாக்கி இருக்கிறது.