செவிக்கான சுருக்கம்: பள்ளிக் காலை வணக்கக் கூட்டச் செய்தியறிக்கை

இரண்டு நிமிடத்தில் நிதானமாக வாசிக்கத்தக்கவை ஏறத்தாழ 200 சொற்களே. ஐந்து செய்திகளெனில் ஒவ்வொன்றுக்கும் நாற்பது. நாளிதழ்த் தொடரின் நீண்ட பெயரெச்ச அடுக்கைக் கண் திரும்பிப் படித்துக்கொள்ளும், செவிக்கு அவ்வாய்ப்பில்லை. எனவே ஒரு தொடரைப் பிரித்து, எழுவாயை முன்வைத்தல் வேண்டும். இடர், அடைகளை நீக்குவதில்தான் உள்ளது.

2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் கலம் நிலவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கியது. மறுநாள் அறிக்கை எழுதும் மாணவர் ஏவப்பட்ட நாளை விட்டுவிடலாம், பொருள் சிதையாது. 'அருகே' என்பதையும் மிகையெனக் கருதித் 'தென்துருவத்தில் இறங்கியது' என்றெழுதினால் செய்தி பிழையாகும். கலம் இறங்கியது ஏறத்தாழ 69 பாகைத் தென் அகலாங்கில். துருவமோ 90 பாகையில். உரிய வடிவம் இது: 'விக்ரம் கலம் நேற்று மாலை நிலவில் இறங்கியது. இறங்கிய இடம் தென்துருவத்துக்கு அருகே உள்ளது.'