பாட்டை மாற்றினால் அத்தை போய்விடுவார்

கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள் வந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. "வீடியோ எப்போ தம்பி கிடைக்கும்?" பல வருஷமாக இதற்கு நான் வாயாலேயே பதில் சொல்லிவந்தேன்: "ஒரு மாசத்துல குடுத்துடுறேன் சார்." மதுரையில் வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் எடுத்துவரும் கல்யாண, சடங்கு, அரங்கேற்றக் காட்சிகளைத் தொகுத்துக் கொடுக்கிற தனி எடிட்டர் நான். அந்த ஒரு மாசம் எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது என்று நானும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. ஒரு கல்யாண வீடியோவைப் பதினோரு தடவை திருத்தினேன். அது வீடு போய்ச் சேர்ந்தபோது அந்தத் தம்பதிக்குக் குழந்தையே பிறந்திருந்தது. அதன் பிறகுதான் மின்னஞ்சல் எழுத ஆரம்பித்தேன்.

போன தை மாசம் ராஜபாளையத்துப் பக்கம் நடந்த கல்யாணத்துக்கு எழுதிய மின்னஞ்சலைச் சொல்கிறேன். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எதையும் எழுத்தில் கேட்கிறவர். கடிதம் இப்படித் தொடங்கியது:

"வணக்கம் சார். மூன்று கேமராக்களின் பதிவுகளும் பிப்ரவரி 3 அன்று என் கைக்கு வந்துவிட்டன. மொத்தம் 14 மணி நேரம். இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் தனித்தனியாகப் பிரதி எடுத்து வைத்துவிட்டேன். உறவினர் பெயர்ப் பட்டியல், பாட்டுகள், கட்டாயம் இடம்பெற வேண்டியவர்களின் போட்டோக்கள், இந்த மூன்றும் பிப்ரவரி 7க்குள் வந்தால் கீழே உள்ள தேதிகள் மாறாது."

கல்யாணத் தேதியிலிருந்து நாள் எண்ணக் கூடாது என்பதை நான் கற்றுக்கொள்ளப் பல வருஷம் ஆனது. பதிவு என்னிடம் இருந்தாலும், யார் பெரியப்பா, யார் பக்கத்து வீட்டுக்காரர் என்று எனக்குத் தெரியாது. மேடையேறி மாலை போடுகிற முந்நூறு பேரும் எனக்கு ஒன்றுதான். பட்டியல் நாலு நாள் தாமதமானால் வீடியோவும் நாலு நாள்தான் தாமதமாகும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த நாலு நாளில் வரிசையில் நிற்கும் அடுத்த கல்யாணம் மேசைக்கு வந்துவிடும். பிறகு இது அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

அந்த 14 மணி நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போதைய கேமராக்களில் 4கே பதிவு மணிக்குச் சுமார் 45 ஜிபி இடம் பிடிக்கும். ஆக இந்தக் கல்யாணம் 630 ஜிபி. அதைச் சாதாரண ஹார்டு டிஸ்க்கில் ஒருமுறை பிரதி எடுக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும். பார்ப்பதற்கோ குறுக்கு வழி கிடையாது. ஓட்டிப் பார்த்தால் தாத்தா பேத்தியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட மூன்று விநாடி கை நழுவிப் போய்விடும். பிறகு மூன்று கேமராக்களின் காட்சிகளையும் ஒலியை வைத்து ஒரே நேரத்துக்குப் பொருத்த வேண்டும். கெட்டிமேளம் முழங்குகிற இடத்தில்தான் இது படுத்தும். தவில் சத்தத்தில் மூன்று கேமராக்களின் ஒலியும் உச்சத்தில் முட்டி நிற்கும். திரையில் அலையெல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும், எதை எதனோடு பொருத்துவது? அட்சதை விழுவதையோ, ஒரு கேமராவின் ஃபிளாஷ் மின்னுவதையோ பார்த்துக் கையால்தான் பொருத்துவேன். வெளியாள் கண்ணில் ஒன்றுமே நடக்காத முதல் ஐந்தாறு நாள் இப்படித்தான் போகும்.

அடுத்து தேதிகள். "ஒரு நிமிட டீசர் பிப்ரவரி 14. ஐந்து நிமிட ஹைலைட்ஸின் முதல் வடிவம் பிப்ரவரி 24. உங்கள் திருத்தங்கள் மார்ச் 1க்குள் வர வேண்டும். இரண்டாம் வடிவம் மார்ச் 6, அதற்கான திருத்தங்கள் மார்ச் 9க்குள். இரண்டரை மணி நேர முழு வீடியோ பார்வைக்கு மார்ச் 16, திருத்தங்கள் மார்ச் 21க்குள். எல்லாம் முடிந்து பென்டிரைவ் மார்ச் 28."

என் தேதிகளுக்கு நடுவே அவருடைய தேதிகளும் இருப்பதைக் கவனிக்கலாம். முன்பெல்லாம் நான் கொடுக்கும் நாளை மட்டும் எழுதுவேன். அவர்கள் பார்த்துச் சொல்ல ஆறு வாரம் எடுத்துக்கொண்டு, ஏழாவது வாரம் "இன்னுமா முடியல?" என்று கேட்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நான்தான் சொல்லவில்லையே.

திருத்தம் பற்றிய பத்தியைத்தான் அதிக நேரம் யோசித்து எழுதினேன். "ஹைலைட்ஸுக்கு இரண்டு சுற்று, முழு வீடியோவுக்கு ஒரு சுற்று. ஒரு சுற்று என்பது ஒரே ஒரு பட்டியல். வீட்டில் எல்லோரும் பார்த்து, நீங்கள் ஒருவர் மட்டும் தொகுத்து அனுப்ப வேண்டும். எத்தனை நிமிடம் எத்தனை விநாடியில் என்று குறித்தால் போதும். பெயரில் எழுத்துப் பிழை, ஒலி பொருந்தாமை, பட்டியலில் இருந்தவர் விடுபட்டது, இவையெல்லாம் என் தவறு. எந்தச் சுற்றிலும் சேராது, எப்போது சொன்னாலும் சரிசெய்வேன்."

ஒருவர் மட்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முன்பு ஒரு வீட்டில் அண்ணன் வாட்ஸ்அப்பில் "சடங்கெல்லாம் குறைங்க" என்றார், நானும் குறைத்தேன். மறுநாள் அம்மா போன் செய்து, தாரைவார்ப்பை ஏன் வெட்டினாய் என்று கேட்டார். திரும்பச் சேர்த்தேன். இரண்டு நாள் வேலை பார்த்தும் வீடியோ முதலில் இருந்தபடியேதான் இருந்தது.

கடிதத்தில் பலர் படிக்காமல் தாண்டிப்போகும் வரி அடுத்தது: "முதல் வடிவம் வந்த பிறகு பாட்டை மாற்றுவது திருத்தமாகாது, தனி வேலை. அதற்கு மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கும் ஐந்து நாளும் கூடுதலாக ஆகும்." ஒரு பாட்டை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட இவ்வளவா என்று தோன்றும். காட்சியை மாற்றாமல் சத்தத்தை மட்டும் மாற்றுவதாக நினைப்பதால் வருகிற சந்தேகம் அது.

ஹைலைட்ஸில் காட்சிகள் பாட்டின் தாளத்தில்தான் மாறும். தலைமை ஆசிரியர் வீட்டில் கொடுத்த பாட்டு நிமிடத்துக்கு 96 தட்டு. நாலு தட்டுக்கு ஒரு காட்சி என்றால் ஒரு காட்சிக்கு இரண்டரை விநாடி. ஐந்து நிமிடத்துக்கு 120 காட்சிகள். இரண்டாம் சுற்றின்போது மாப்பிள்ளையின் தம்பி வேறு பாட்டு கேட்டார். மெதுவான மெலடி, நிமிடத்துக்கு 70 தட்டு. அதே நாலு தட்டுக்கு இப்போது ஏறக்குறைய மூன்றரை விநாடி. ஐந்து நிமிடத்தில் 87 காட்சிகள்தான் அடங்கும். 33 காட்சிகள் வெளியே போக வேண்டும். மிச்சமிருப்பவற்றிலும் சில மூன்றரை விநாடிக்கு நீளாது, ஏனென்றால் கேமராக்காரர் அடுத்த நொடியே கையைத் திருப்பியிருப்பார். புதிதாகத் தேட வேண்டும், நிறத்தையும் ஒலியையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பெரியவர் போன் செய்து, ஏன் தனிக் காசு என்று கேட்டபோது இந்தக் கணக்கைத்தான் சொன்னேன். சண்டைக்காகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த முப்பத்திமூணுல யாரு யாரு தம்பி போவாங்க?" என்றார். பட்டியலைப் பார்த்துச் சொன்னேன். இரண்டே விநாடி தலைகாட்டுகிற அத்தை, பந்தியில் இலை போட்ட பங்காளிகள், அவருடைய பழைய மாணவர்கள் நாலு பேர். சாயங்காலம் ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தது. பாட்டு அப்படியே இருக்கட்டும்.

அதே பெரியவர் முதல் சுற்றில் அனுப்பிய ஏழு திருத்தங்களில் ஐந்து அரை மணி நேர வேலை. ஒருவருக்குப் பதில் இன்னொருவரை அதே இரண்டரை விநாடியில் வைத்துவிடலாம். ஆறாவது ஓர் எழுத்துப் பிழை, என்னுடையது. பிழை சின்னதுதான். ஆனால் முழு வீடியோவில் அப்படி ஒன்று வந்தால், திருத்தியபின் இரண்டரை மணி நேரப் படத்தையும் கம்ப்யூட்டர் மறுபடி கோப்பாக்க வேண்டும். அதைத் திரும்ப ஒருமுறை பார்க்கவும் வேண்டும். பார்க்காமல் அனுப்பி ஒருமுறை நடுவில் ஒன்பது விநாடி கறுப்பாகப் போயிருக்கிறது. ஏழாவது, தாலி கட்டும்போது பெண்ணின் முகம் தெரியவில்லை என்பது. செல்போனை உயர்த்திப் பிடித்த ஒரு மாமாவின் முதுகு மூன்று கேமராக்களில் இரண்டை மறைத்திருந்தது. மூன்றாவது பக்கவாட்டில் நின்றது. இதற்குக் கடிதத்தில் முன்பே ஒரு வரி வைத்திருந்தேன்: "பதிவில் இல்லாததைத் தொகுப்பில் கொண்டுவர முடியாது." அந்த நொடிக்கு அம்மாவின் முகத்தை வைத்து, ஒலியை மட்டும் தொடரவிட்டேன்.

பார்க்கும் விதத்தையும் எழுதிவிடுவது நல்லது. "கூகுள் டிரைவ் லிங்க் வரும். டவுன்லோடு செய்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்க்க வேண்டாம்." வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும். டிரைவிலும் ஏற்றிய கையோடு திறந்தால் மங்கலான வடிவம்தான் முதலில் ஓடும். இதைச் சொல்லாமல் விட்டதால் "படம் தெளிவா இல்ல" என்று ஒரு சுற்றே வீணாகியிருக்கிறது. "கொஞ்சம் பளிச்சுனு இருக்கட்டும்" என்பதும் எனக்குப் புரியாத மொழி. எந்த இடத்தில் என்று கேட்டால், வரவேற்பு மேடையின் ஊதா விளக்கைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள்.

பென்டிரைவ் விஷயமும் உண்டு. இரண்டரை மணி நேரப் படம் சுமார் 22 ஜிபி வரும். பழைய டிவிக்கள் படிக்கிற எஃப்.ஏ.டி.32 வகைப் பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று 25 நிமிடத்துக்குள் அடங்குகிற ஆறு பகுதிகளாகத் தருவேன் என்று எழுதியிருந்தேன். கடைசி நாள் கேட்டிருந்தால் இதுவே ஒரு நாள் வேலை.

கடைசிப் பத்தி மூலப் பதிவுகளைப் பற்றியது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஆனால் 630 ஜிபியை எத்தனை நாள் என் வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்பதை நாங்கள்தான் பேசிக்கொள்ள வேண்டும். "மூலப் பதிவுகள் மே 28 வரை என்னிடம் இருக்கும். பிறகு அழிக்கப்படும். வேண்டுமென்றால் 1 டிபி ஹார்டு டிஸ்க் அனுப்புங்கள், இலவசமாகவே ஏற்றித் தருகிறேன்."

மே 20 அன்று ஞாபகப்படுத்தி இரண்டு வரி எழுதினேன். மறுநாள் காலை ராஜபாளையம் பஸ்ஸில் ஒரு ஹார்டு டிஸ்க் வந்தது, பழைய வினாத்தாளில் சுற்றி.