உண்டியல் பணத்துக்கு வரி உண்டா?

டெல்லி லோதி ரோடு சாய்பாபா கோயிலில் வியாழக்கிழமை என்றால் கூட்டம் அலைமோதும். வரிசை நகர நகர, உள்ளங்கையில் மடித்து வைத்திருந்த பத்து ரூபாயும் நூறு ரூபாயும் உண்டியலுக்குள் விழும். போட்டவர் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. ரசீதும் கிடையாது. கொடுத்தவரின் பெயரும் முகவரியும் பதிவாகாத இப்படிப்பட்ட பணத்தை வருமான வரிச் சட்டம் 'பெயரறியா நன்கொடை' என்று தனியாக வகைப்படுத்துகிறது.

இதற்கான விதி 2006-ல் வந்தது. அறக்கட்டளை என்ற பெயரில் கறுப்புப் பணத்தை வெளுக்கிறார்கள் என்ற சந்தேகமே காரணம். மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அது வரை பெயரில்லாப் பணத்துக்கு விலக்கு உண்டு. அதற்கு மேல் வந்தால் 30 சதவீத வரி. அந்தப் பணத்தை ஏழைகளுக்கே செலவழித்திருந்தாலும் வரி விடாது.

ஆனால் சட்டம் இரண்டு பேருக்கு வழிவிட்டது. முழுக்க முழுக்க சமயப் பணிக்காக நடக்கும் அறக்கட்டளைக்கு இந்த வரி இல்லை. சமயமும் தர்மமும் கலந்த அறக்கட்டளைக்கும் இல்லை. ஆனால் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைக்கென்று குறித்துக் கொடுத்த பெயரில்லாப் பணம் மட்டும் வரிக்கு உட்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அறக்கட்டளைக்கு ஆண்டில் 50 லட்சம் நன்கொடை வருகிறது. அதில் 20 லட்சம் உண்டியல் பணம். 50 லட்சத்தில் 5 சதவீதம் இரண்டரை லட்சம். மீதி பதினேழரை லட்சத்துக்கு 30 சதவீதம் என்றால் வரி 5 லட்சத்து 25 ஆயிரம். அது வெறும் தர்ம அறக்கட்டளை என்றால் இதைக் கட்டியாக வேண்டும். கோயிலும் அன்னதானமும் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை என்றால் ஒரு பைசா இல்லை.

2025 பிப்ரவரியில் வந்த புதிய வருமான வரி மசோதா இந்த இரண்டாவது கதவை மூடியது. முழுச் சமய அறக்கட்டளைக்கு மட்டும் விலக்கு என்றது. மசோதாவை ஆராய்ந்த, பைஜயந்த் பாண்டா தலைமையிலான மக்களவைத் தேர்வுக் குழு ஜூலை 21-ல் அறிக்கை தந்தபோது, பழைய விலக்கைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது.

விலக்கு வேண்டும் என்பவர்களின் வலுவான வாதம், நம் நாட்டில் வழிபாட்டையும் தர்மத்தையும் பிரித்து வைக்க முடியாது என்பது. கோயில் பணத்தில்தான் சோறு போடுகிறார்கள், ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். ஷீரடி சாய்பாபா சன்ஸ்தான் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். நீங்கள் சமயத்துக்குச் செலவழிப்பது மிகக் குறைவு, நடத்துவதோ மருத்துவமனையும் பள்ளியும், எனவே இது தர்ம அறக்கட்டளை மட்டுமே, உண்டியல் பணத்துக்கு வரி கட்டுங்கள் என்றது வருமான வரித் துறை. 2024 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சன்ஸ்தான் சமயம், தர்மம் இரண்டும் சேர்ந்தது, விலக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. மசோதா அப்படியே நிறைவேறியிருந்தால் இந்தத் தீர்ப்புக்கு எதிர்காலத்தில் பயனே இருந்திருக்காது.

எதிர் வாதத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒருவருக்கு விடும் வரியை மற்றவர்கள்தான் சுமக்கிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் அதில் அடக்கம். ஒரு சமூக சேவை அமைப்பு தெருவில் உண்டியல் குலுக்கினால் வரி, கோயில் வாசலில் குலுக்கினால் இல்லை என்பது சமமாகத் தெரியவில்லை. பெயரில்லாப் பெட்டிக்குள் யாருடைய பணம் நுழைகிறது என்பதையும் யாராலும் சொல்ல முடியாது.

என் கருத்தில் குழு செய்தது சரி. காணிக்கை போடும் பாட்டியிடம் ஆதார் கேட்பது அநியாயம். ஆனால் அந்தச் சலுகை போடுபவருக்கு மட்டும்தான் பொருந்தும். எண்ணி எடுத்துச் செலவழிப்பவருக்கு மறைவு எதற்கு? தமிழ்நாட்டில் அறநிலையத் துறைக் கோயில்களில் அதிகாரிகள் முன்னிலையில் உண்டியல் திறந்து எண்ணுகிறார்கள், தொகை மறுநாள் செய்தித்தாளில் வருகிறது. பெயரில்லாக் காணிக்கைக்கு வரி விலக்கு பெறும் எல்லா மதத்து அறக்கட்டளைகளுக்கும் இதையே நிபந்தனையாக வைக்கலாம். அறிக்கை அந்த அளவுக்குப் போகவில்லை என்பதுதான் குறை.

அரசு பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று, குழுவின் திருத்தங்களோடு புதியதைக் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 12-ல் நாடாளுமன்றத்தில் அது நிறைவேறியது. 2026 ஏப்ரல் 1 முதல் செல்லுபடியாகும் வருமான வரிச் சட்டம் 2025-ல் கலப்பு அறக்கட்டளைகளுக்கான விலக்கு இருக்கிறது. மருத்துவமனை, பள்ளிக்கென்று குறித்துத் தரும் பணத்துக்கான வரியும் அப்படியே இருக்கிறது. ஆகவே கோயிலில் 'மருத்துவமனை நிதி' என்று எழுதித் தனி உண்டியல் வைக்க நினைக்கும் நிர்வாகிகள், எழுதும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.