எதிர்நீச்சல் போட்டுப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன்கள்: காரணம் என்ன?

கோத்தா திங்கி: ஜொகூர் ஆற்றில் தூண்டில் போடுபவர்களுக்கு ஊடாங் காலா நன்கு பழக்கமானது. ஆற்றில் வளரும் இந்தப் பெரிய இறால், முட்டைகளைச் சுமந்துகொண்டு நீரோட்டத்தோடு கழிமுகத்தை நோக்கி இறங்குகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளுக்குச் சில நாள்களுக்குள் உப்புக் கலந்த நீர் கிடைக்காவிட்டால் அவை இறந்துவிடும். ஓரளவு வளர்ந்த பிறகே அவை மீண்டும் ஆற்றில் ஏறுகின்றன.

பசிபிக் பெருங்கடலின் சால்மன் மீனுக்குப் பயணம் நேர் எதிரானது. அது ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிறது. கனடாவின் பிரேசர் ஆற்றில் ஏறும் சோக்கை சால்மன்களில் சில, கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் செல்கின்றன. ஆற்றுக்குள் நுழைந்ததும் அவை இரை எடுப்பதை நிறுத்திவிடுகின்றன. உடலில் சேர்ந்த கொழுப்பும் தசையும்தான் வழிச்செலவு. முட்டையிட்ட பின் அவை இறந்துபோகின்றன.

இவ்வளவு விலை கொடுப்பது முட்டைகளுக்காகத்தான். பெண் மீன் வாலால் கூழாங்கற்களைக் கிளறிப் பள்ளம் பறித்து, முட்டையிட்டு, மேலே கற்களை மூடுகிறது. மாதக்கணக்கில் அங்கே கிடக்கும் முட்டைகளுக்குக் கற்களின் இடுக்கு வழியாக ஓடும் குளிர்ந்த நீர்தான் உயிர்வளியைக் கொண்டு வருகிறது. கடலில் இரை அதிகம். ஆனால் இந்த முட்டைகள் அங்கே பிழைக்காது.

சரி, ஏதாவது ஓர் ஆற்றில் ஏறினால் போதாதா? தாய் மீன் உயிரோடு வளர்ந்து திரும்பியிருப்பதே, அது பிறந்த ஓடை குஞ்சுகளுக்கு ஏற்றது என்பதற்குச் சான்று. தலைமுறை தலைமுறையாக ஒரே ஓடைக்குத் திரும்பியதால், அந்த நீரின் குளிருக்கும், அங்கே குஞ்சு பொரிக்க வேண்டிய காலத்துக்கும் அந்த மீன்கூட்டம் பொருந்திப்போகிறது. ஒரு சில மீன்கள் வழிமாறி வேறு ஆற்றில் ஏறுவதும் உண்டு. புதிய ஆறுகளில் சால்மன் குடியேறுவது அவற்றால்தான்.

நெடுங்கடலில் திசையறிய பூமியின் காந்தப்புலம் உதவுகிறது. கழிமுகத்தை நெருங்கியபின் மூக்குதான் வழிகாட்டி. மண், பாறை, செடிகொடி ஆகியவற்றால் ஒவ்வோர் ஓடைக்கும் தனி வாசனை உண்டு. கடலுக்குப் புறப்படும் இளம்பருவத்தில் அந்த வாசனை மீனின் நினைவில் பதிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் ஹாஸ்லரும் அவருடைய குழுவினரும் 1970-களில் இதைச் சோதித்தனர். கோஹோ சால்மன் குஞ்சுகளைச் சில வாரங்கள், மார்ஃபோலின் என்ற வேதிப்பொருள் மிக மிகச் சிறிதளவு கலந்த நீரில் வளர்த்து, மிச்சிகன் ஏரியில் விட்டனர். அவை முதிர்ந்து திரும்பும் பருவத்தில் ஓர் ஓடையில் அதே பொருளைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தனர். அந்த மீன்கள் அதற்கு முன் அந்த ஓடையைக் கண்டதே இல்லை. ஆனாலும், திரும்பிப் பிடிபட்டவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை வாசனையைத் தேடி அங்கேயே ஏறின.

வழி தெரிந்தாலும் வலு போதாத இடங்கள் உண்டு. பிரேசர் ஆறு 'ஹெல்ஸ் கேட்' என்ற இடத்தில் சுமார் 35 மீட்டர் அகலத்துக்குக் குறுகிவிடுகிறது. 1913-இல் இரயில் பாதைக்காக வெடி வைத்துத் தகர்த்த பாறைகள் ஆற்றில் விழுந்தன. 1914-இல் பாறைச்சரிவும் ஏற்பட்டது. இதனால் நீரோட்டம் மேலும் கடுமையானது. சால்மன் பெருவேகத்தில் பாயக்கூடியது. ஆனால் சில வினாடிகளில் தசை களைத்துவிடும். கரையோரம் இளைப்பாறத் தேங்குநீர் வேண்டும். அது இல்லாமல் எண்ணற்ற மீன்கள் அங்கேயே தேங்கி, முட்டையிடாமல் மடிந்தன. நான்காண்டு சுழற்சியில் அவற்றின் குஞ்சுகள் திரும்பியிருக்க வேண்டிய 1917-இல் வரத்து சரிந்தது.

பிறகு ஆய்வாளர்கள் மீன்களுக்கு அடையாளத் தகடு பொருத்திக் கவனித்தனர். தகடு போட்ட மீன்கள் மேலே போகாமல் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் சிக்கியபோது, ஆற்றின் சில நீர்மட்டங்களில் வழி அடைபட்டுவிடுவது தெரிந்தது. 1940-களின் நடுவில், நீரின் வேகத்தை உடைக்கும் தடுப்புகளோடு கான்கிரீட் மீன்வழிகள் கட்டப்பட்டன. மீன்கள் மீண்டும் ஏறத் தொடங்கின.

தமிழகத்தின் காவிரிக்கு அப்படி ஒரு மீட்சி அமையவில்லை. வங்காளிகள் 'இலிஷ்' என்று கொண்டாடும் உல்லம் மீன், ஒரு காலத்தில் காவிரி வெள்ளத்தை எதிர்த்து முட்டையிட ஏறி வந்தது. ஆற்றின் குறுக்கே எழுந்த அணைகள் அதன் வழியை மறித்தன. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின், அதை ஆற்றுக்கு அழைத்த வெள்ளமும் குறைந்தது. உல்லத்தின் வரத்தும் அருகிப்போனது.