சில்லருக்கு எந்த கேஸ்?

பெரிய மருத்துவமனைக்கும் ஐடி வளாகத்துக்கும் குளிர்ச்சி தருவது பிளான்ட் ரூமில் ஓடிக்கொண்டிருக்கும் சில்லர். நன்றாகப் பராமரித்தால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் கேஸுக்கு அவ்வளவு ஆயுள் இருக்குமா என்பது இப்போது சந்தேகம்.

பல சில்லர்களில் இருப்பது ஆர்-134ஏ. ஒரு கிலோ வெளியேறினால், நூறு ஆண்டுக் கணக்கில் 1,430 கிலோ கரியமில வாயு செய்யும் வேலையைச் செய்துவிடும். இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021இல் ஏற்றது. 2028இல் இவற்றின் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு வரும். 2047க்குள் அது 85 சதவீதம் குறைய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கேஸ் கிடைப்பதுதான் அரிதாகும், விலையும் ஏறும். அதனால் மெஷினை வைத்துக்கொண்டு கேஸை மட்டும் மாற்றலாமா என்று கட்டட உரிமையாளர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

வெப்பமூட்டும் திறன் மிகக் குறைந்தது வேண்டுமென்றால் ஆர்-1234இசட்இ இருக்கிறது. அதன் எண் பத்தைக்கூடத் தொடாது. ஆனால் அது ‘ஏ2எல்’ வகை. ‘ஏ’ என்றால் நச்சு குறைவு, ‘2எல்’ என்றால் மெதுவாகத் தீப்பற்றும். புரொப்பேன் போல வெடித்துப் பரவாது. சாதாரண அறை வெப்பத்தில் எளிதில் பற்றவும் செய்யாது. இருந்தாலும் பழைய மெஷினின் மின்பெட்டியும் ரிலேக்களும் தீப்பற்றும் வாயுவை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அறையின் காற்றோட்டம், கேஸ் கசிவு அலாரம் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். போதாததற்கு, அதே கம்ப்ரசரில் குளிரூட்டும் திறன் கால்வாசி குறைந்துவிடும்: 300 டன் சில்லர் ஏறக்குறைய 225 டன் ஆகிவிடும். புதிய மெஷினுக்கு நல்ல தேர்வு, பழையதற்கு அல்ல.

எனவே பழைய மெஷின்களுக்குப் பெரும்பாலும் பேசப்படுவது ஆர்-513ஏ. தீப்பற்றாத ‘ஏ1’ வகை, எண் 631, ஆர்-134ஏ சில்லரில் ஏற்கெனவே உள்ள பாலியோல் எஸ்டர் ஆயிலோடும் ஒத்துப்போகும். தீப்பற்றாது என்பதற்காக அலட்சியம் கூடாது. காற்றைவிடக் கனமான கேஸ் என்பதால் கசிந்தால் தாழ்வான அறையில் தேங்கி, ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும்.

இதில் மின்சாரக் கணக்கைத்தான் பலர் பார்ப்பதில்லை. 300 டன் சில்லரில் 300 கிலோ கேஸ், ஆண்டுக்கு 3 சதவீதம் கசிவு என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது கிலோ போகும். ஆர்-134ஏ என்றால் ஏறத்தாழ 13 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-513ஏ என்றால் 6 டன்னுக்குள். மிச்சம் 7 டன். இதே சில்லர் ஆண்டுக்கு 5.85 லட்சம் யூனிட் மின்சாரம் எடுத்து, கேஸ் மாற்றத்தால் செயல்திறன் மூன்றே சதவீதம் குறைந்தால், கூடுதலாகச் செலவாவது சுமார் 17,500 யூனிட். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று போட்டால் 12 டன். மிச்சம் பிடித்ததைவிட அதிகம்!

கசிவு 10 சதவீதமாக இருந்தால் கணக்கு திரும்பும். கேஸ் மாற்றம் 24 டன் மிச்சப்படுத்தும். ஆனால் கேஸை மாற்றாமல் கசிவை மட்டும் 3 சதவீதத்துக்கு இறக்கினாலே 30 டன் மிச்சம். கேஸ் மாற்றத்தோடு பழைய கேஸ்கெட், ஓ-ரிங், வால்வு சீல்களையும் மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

செயல்திறன் குறைவதற்குக் கேஸை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பழைய கேஸை உறிஞ்சி எடுத்து, நைட்ரஜன் அழுத்தத்தில் கசிவு சோதித்து, ஃபில்டர் டிரையரை மாற்றி, வேக்கம் போட்டு, புதியதை நிரப்புவதுவரை பெரும்பாலும் சரியாகவே நடக்கும். சறுக்குவது கன்ட்ரோலரில். அது அழுத்தத்தை அளந்து, மனப்பாடமாக வைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்துக் கேஸின் கொதிநிலையைச் சொல்கிறது. ஒரே வெப்பநிலையில் ஆர்-513ஏயின் அழுத்தம் சற்று அதிகம். பழைய அட்டவணையே இருந்தால், இவாப்பரேட்டருக்குள் உண்மையில் இருப்பதைவிட இரண்டு, மூன்று டிகிரி சூடாக இருப்பதாகக் கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். உறைவுப் பாதுகாப்பு வேலை செய்யத் தாமதமாகும். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும் ஆபத்து உண்டு. சூப்பர்ஹீட் பார்த்து எக்ஸ்பான்ஷன் வால்வைத் திறக்கும் மெஷினில் வால்வு தேவைக்கும் குறைவாகத் திறக்கும், இவாப்பரேட்டர் பட்டினி கிடக்கும், மின்கட்டணம் ஏறும்.

இதைக் கண்டுபிடிக்க, மாற்றுவதற்கு முன்பே சில வாரங்களுக்குத் தண்ணீரின் உள்-வெளி வெப்பநிலை, நீரோட்டம், கிலோவாட் ஆகியவற்றைக் குறித்து, ஒரு டன் குளிர்ச்சிக்கு எவ்வளவு மின்சாரம் என்று கணக்கிட்டு வைக்க வேண்டும். பிறகு அதே சுமையில், அதே கண்டென்சர் தண்ணீர் வெப்பநிலையில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முன்கணக்கு இல்லாவிட்டால் “மெஷின் நல்லா ஓடுதுங்க” என்ற ஒப்பந்தக்காரரின் வார்த்தையைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

அவரிடம் கேட்டு வாங்க வேண்டிய இன்னொரு காகிதம், எடுத்த பழைய கேஸின் எடை ரசீது. அந்த 300 கிலோவும் சிலிண்டருக்குப் போகாமல் காற்றில் விடப்பட்டால் 429 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஆண்டுக்கு 7 டன் மிச்சத்தில் அதை ஈடுகட்ட அறுபது ஆண்டுகள் ஆகும்.