படம் தொலைந்த பிறகு, அதை எப்படி எழுதி வைப்பது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மலையகத்தில் மண்சரிவுகள் ஏற்பட்டன. அதன் பின், ஹட்டன் பக்கத் தோட்டமொன்றின் தற்காலிக முகாமில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு படம் வரைந்தாள். முகாம் மாறும்போது தாள் தொலைந்தது. நான் எடுத்த புகைப்படமும் கைத்தொலைபேசி பழுதானதோடு போயிற்று. அந்தப் படத்தைப் பார்த்த பெரியவர்கள் நானும் ஓர் ஆசிரியையும் மட்டுமே.

பேசிக்கொள்வதற்கு முன்பே இருவரும் தனித்தனியாக எழுதினோம். பேசிவிட்டால் ஒருவரின் நினைவு மற்றவருடையதை மாற்றிவிடும். முதலில் தாள், பிறகு எது எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது, என்ன நிறம், கடைசியாகச் சிறுமி சொன்ன வார்த்தைகள் என்ற ஒழுங்கில் எழுதினோம். நம் கருத்துக்கு அங்கே இடமில்லை.

இரண்டிலும் ஒத்திருந்தவை இவை: குறுக்காக வைத்த ஏ4 தாள். இடப்புறம் ஐந்து கதவுள்ள லயம், மஞ்சள் சுவர். வலப்புறம் பச்சை மலை. மலையிலிருந்து கீழ்வரை, தாளின் பாதியை அடைத்தபடி சிவப்புக் கோடுகள். கூடை சுமந்த ஒரு பெண். அவளருகே கைகள் இல்லாத ஒரு சிறு உருவம். நாயொன்று இருந்ததாக நான் எழுதியிருந்தேன். ஆசிரியையின் குறிப்பில் அது இல்லை. 'ஒருவர் மட்டும் கண்டது' என்று பதிந்தோம்.

சிவப்பு என்றதும் இரத்தம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அங்கிருந்த பேஸ்டல் பெட்டியில் ஆறு நிறங்களே இருந்தன, மண்ணிறம் இல்லை. சிறுமியும் "இது மண்ணு" என்றே சொன்னாள். கையில்லாத உருவத்தைக் கண்டால் இயலாமை என்று விளக்கத் தோன்றும். அவளோ, "தம்பி. குளிருக்கு கைய உள்ள வச்சிருக்கான்" என்றாள். எந்த நிறங்கள் கிடைத்தன, பிள்ளை என்ன சொன்னது என்ற இரண்டும் இல்லாமல் நிறத்துக்குப் பொருள் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட படங்களுக்கு வெளியுலகிலும் மதிப்புண்டு. 2007இல் கிழக்குச் சாட் அகதி முகாம்களில் டார்பூர் பிள்ளைகள் வரைந்த சுமார் 500 படங்களை 'வேஜிங் பீஸ்' அமைப்பு சேகரித்தது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் அவற்றைப் பின்னணிச் சான்றாக ஏற்றது. அங்கே மூலத் தாள்கள் இருந்தன. நம்மிடம் இருப்பது விவரிப்பு மட்டும். அது படத்துக்கு ஈடாகாது. அதைக்கொண்டு பிள்ளையின் மனநிலையைத் தீர்மானிக்கவும் கூடாது. என்ன நடந்தது, பிள்ளை எதைக் கவனித்தது என்று குடும்பத்தோடு பேசுவதற்கு அது போதும்.

யுத்தத்திலும் இடப்பெயர்விலும் படங்களைத் தொலைத்த வீடுகளிலும் இதையே செய்யலாம். பார்த்தவர்கள் தனித்தனியாக எழுதட்டும். எழுதிய திகதியையும், படத்தைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்பதையும் குறித்து வையுங்கள். பிள்ளையின் பெயரையும் லய எண்ணையும் வெளியே கொடுக்க வேண்டாம்.

எங்கள் இருவர் குறிப்பிலும் இன்னொன்று இருந்தது. லயத்தின் நாலாவது கதவுக்கு நிறம் பூசப்படவில்லை. அதைப் பற்றிச் சிறுமி எதுவும் சொல்லவில்லை. 'நாலாவது கதவு: வெள்ளை. விளக்கம் இல்லை' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறோம்.